படத்திலிருந்து எடுத்த பேலன்ஸ் ஷீட் எண்களைக் கொண்டு நடப்பு விகிதமும் கடன்–பங்கு விகிதமும் கணக்கிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மளிகைக் கடை, உரக்கடை, லாரி வாடகை என்று சிறு நிறுவனம் நடத்துவோரும், அவர்களுக்குக் கணக்கில் உதவும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லா விடைகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறோம். தோட்டத் தொழிலாளர்களுக்கு மாதக் கடனில் சாமான் கொடுக்கும் ஒரு கடையின் 31 டிசம்பர் 2024 கணக்கு அது. எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

அப்பாவின் கடை பேலன்ஸ் ஷீட்டை ஆடிட்டர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருக்கிறார். இரண்டு விகிதத்துக்கும் அதிலிருந்து எந்தெந்த எண் வேண்டும்?

நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுத்தால் வருவது நடப்பு விகிதம்; மொத்தப் பொறுப்பைப் பங்கு மூலதனத்தால் வகுத்தால் வருவது கடன்–பங்கு விகிதம். இந்த வகுத்தலுக்குத் தேவைப்படுபவை நான்கே எண்கள்: மொத்த நடப்புச் சொத்து, மொத்த நடப்புப் பொறுப்பு, நீண்டகாலப் பொறுப்பு, மொத்தப் பங்கு மூலதனம். மலாய் மொழியில் தயாரித்த கணக்கில் இவை முறையே "Jumlah aset semasa", "Jumlah liabiliti semasa", "Liabiliti bukan semasa", "Jumlah ekuiti" என்ற பெயர்களில் இருக்கும். ஆயினும் இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். படத்திலிருந்து வந்த எண் சரியா என்பதை அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பதால், பக்கம் முழுவதையும் எக்செல்லில் ஏற்றிக்கொள்வதே முறை. நம் எடுத்துக்காட்டுக் கடையின் பக்கம் இதுதான். முதல் நிரலில் இருப்பது எக்செல் வரிசை எண். தொகைகள் B நிரலில் இருப்பதாகக் கொள்க.

| வரிசை | விவரம் | ரிங்கிட் |
|---|---|---|
| 2 | கட்டடம், வாகனம், தளவாடம் | 386,400 |
| 3 | சரக்கு இருப்பு | 148,300 |
| 4 | வாடிக்கையாளர் தர வேண்டியது | 92,750 |
| 5 | முன்பணமும் வைப்பும் | 11,200 |
| 6 | கைரொக்கமும் வங்கி இருப்பும் | 27,550 |
| 7 | மொத்த நடப்புச் சொத்து | 279,800 |
| 8 | மொத்தச் சொத்து | 666,200 |
| 9 | பங்கு முதல் | 200,000 |
| 10 | திரண்ட நட்டம் | (38,500) |
| 11 | மொத்தப் பங்கு மூலதனம் | 161,500 |
| 12 | நீண்டகாலக் கடன், தவணைக் கொள்முதல் | 218,200 |
| 13 | சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது | 118,600 |
| 14 | மற்ற செலவு பாக்கி | 24,300 |
| 15 | இயக்குநருக்குத் தர வேண்டியது | 86,000 |
| 16 | வங்கி ஓவர்டிராஃப்ட் | 31,400 |
| 17 | கடன்களில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய பகுதி | 26,200 |
| 18 | வரி பாக்கி | – |
| 19 | மொத்த நடப்புப் பொறுப்பு | 286,500 |
| 20 | மொத்தப் பங்கு மூலதனமும் பொறுப்பும் | 666,200 |

படத்தை எப்படி எடுத்தால் எண்கள் சரியாக வரும்?

முதலில், ஆடிட்டரிடம் அசல் பிடிஎஃப் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிந்தால் படமே தேவையில்லை. கையில் காகிதம்தான் இருக்கிறது என்றால், புத்தகத்தின் முதுகை நன்றாக அழுத்தி விரித்து, கேமராவை நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். சாய்வான படத்தில் ஏற்படும் பெரிய தீமை எழுத்து மங்குவதன்று. இடப்பக்கப் பெயர் ஒரு வரியிலும் வலப்பக்க எண் அடுத்த வரியிலும் போய்ச் சேர்வதே. நாள், ஆண்டு, "RM" என்ற தலைப்பு ஆகியவை உள்ள மேல்பகுதியை வெட்டிவிடக் கூடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்வது நல்லது.

படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவோர் நிரல்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் காக்கப்படுமாறு இப்படி ஓட்டலாம்:

```
tesseract kira.png hasil --psm 6 -l msa+eng -c preserve_interword_spaces=1
```

படத்திலிருந்து எடுத்த எண்களை நம்பலாமா? எனக்கு 0.95, 2.13 என்று வந்தது, ஆடிட்டர் வேறு சொல்கிறார்.

உங்கள் இரண்டு விடைகளும் இதே எடுத்துக்காட்டுக் கணக்கை அப்படியே நம்பியவருக்கு வரும் விடைகள். அதனால் அவை எப்படி வந்தன என்று காட்ட முடிகிறது. மென்பொருள் அந்தப் பக்கத்தைப் படித்தபோது மூன்று இடங்களில் தவறியது. சரக்கு இருப்பு 148,300 என்பதில் உள்ள 8, 3 ஆக மாறி 143,300 ஆயிற்று. திரண்ட நட்டத்தைச் சுற்றியிருந்த பிறை அடைப்புகள் உதிர்ந்து, அது வெறும் 38,500 ஆயிற்று. வரி பாக்கியில் 2024க்கு ஒரு சிறு கோடும் 2023க்கு 4,100 என்ற எண்ணும் இருந்தன. மென்பொருள் கோட்டை விட்டுவிட்டதால் முந்தைய ஆண்டின் 4,100 இந்த ஆண்டின் நிரலுக்கு நகர்ந்தது.

இவற்றைக் கூட்டினால் நடப்புச் சொத்து 274,800, நடப்புப் பொறுப்பு 290,600, பங்கு மூலதனம் 238,500 என்று வருகின்றன. அப்போது நடப்பு விகிதம் 0.95, கடன்–பங்கு விகிதம் 2.13. சரியான விடைகள் 0.98, 3.13. முதலாவதில் வேறுபாடு சிறியது. இரண்டாவதில், பங்குதாரர் போட்ட ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கடன் வைத்திருக்கும் கடை, இரண்டு ரிங்கிட்டுச் சொச்சம் மட்டுமே வைத்திருப்பது போலத் தோன்றுகிறது. 2.13 என்பது ஒரு கடைக்கு முற்றிலும் இயல்பான எண் என்பதால், அதைப் பார்த்த எவருக்கும் ஐயம் எழாது. விடையைப் பார்த்து எண்ணைச் சோதிக்க முடியாது என்பதற்கு இதுவே போதும். ஆகவே வகுப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.

வகுப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

பேலன்ஸ் ஷீட்டுக்கு உள்ளேயே அதன் சோதனை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவின் கீழும் ஆடிட்டர் அச்சிட்ட கூட்டுத்தொகை இருப்பதால், வரிகளை நீங்களே கூட்டி, அச்சிட்ட கூட்டுத்தொகையைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். எண்களை ஏற்றிய பின் ஒரு மூலையில் இவற்றைத் தட்டச்சு செய்யுங்கள். வரி பாக்கியில் உள்ள கோட்டுக்குப் பதில் 0 இடுங்கள்.

```
=SUM(B3:B6)-B7
=B2+B7-B8
=SUM(B9:B10)-B11
=SUM(B13:B18)-B19
=B11+B12+B19-B20
=B8-B20
=COUNT(B2:B20)
```

முதல் ஆறும் 0 தர வேண்டும். கடைசி வரி 19 தர வேண்டும். கடைசி வரியை விளையாட்டாக எண்ண வேண்டாம். `SUM` எழுத்தாகக் கிடக்கும் எதையும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். 31,400 என்பதை மென்பொருள் 3l,400 என்று, அதாவது ஒன்றுக்குப் பதில் ஆங்கில எல் எழுத்தாகப் படித்திருந்தால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எக்செல்லுக்கு மட்டும் அது எண்ணன்று. `COUNT` 18 காட்டினால் எங்கோ ஓர் எண் எழுத்தாகக் கிடக்கிறது என்று பொருள். கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்கும் எண்ணைத் தேடுங்கள்.

பூஜ்யம் வரவில்லை. எந்த எண் தவறு என்று எல்லாவற்றையும் மறுபடி படித்துப் பார்க்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை, ஏனென்றால் மிஞ்சும் தொகையே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன மூன்று தவறுகளில் முதல் சோதனை −5,000, மூன்றாவது 77,000, நான்காவது 4,100 என்று வரும். ஐந்துக்குப் பின் வெறும் பூஜ்யங்கள் மட்டுமே இருந்தால் 3, 8 இரண்டும் மாறிப்போனதாக முதலில் ஐயுறுங்கள். ஆயிரமிடத்தில் 3 இருக்கும் எண்ணைத் தேடினால் 143,300 அகப்பட்டுவிடும். 77,000 என்பதைப் பாதியாக்கினால் 38,500. அந்தத் தொகை அதே பிரிவில் இருக்கிறது என்றால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறோம், அதாவது அடைப்பு போய்விட்டது. 4,100 என்பதோ பக்கத்து நிரலில் அப்படியே இருக்கும் எண், ஆண்டு மாறிவிட்டது.

அடைப்பு பற்றி இன்னொரு நுட்பம் உண்டு. (38,500) என்று முழு அடைப்போடு ஏற்றினால் எக்செல் அதைக் கழித்தல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஓர் அடைப்பு மட்டும் தப்பி "38,500)" என்று நின்றால் அது எழுத்தாகிவிடும், அப்போது மிச்சம் 77,000 ஆக இராமல் 38,500 ஆக இருக்கும். இருமடங்கு மிச்சம் என்றால் குறி தொலைந்தது, ஒரு மடங்கு என்றால் எண்ணே கணக்கில் சேரவில்லை.

கையால் தட்டச்சு செய்யும்போது அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றுவது வழக்கம். 24,300 என்பதை 23,400 என்று அடித்தால் மிச்சம் −900. இப்படிப்பட்ட தவறின் மிச்சம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். குறிப்பு எண் ஒட்டிக்கொள்வது மற்றொன்று: "Nota" நிரலில் உள்ள 7, பக்கத்திலிருக்கும் 11,200 உடன் சேர்ந்து 711,200 ஆகும், மிச்சம் சரியாக 700,000 என்பதால் இது எளிதில் பிடிபடும்.

ஒரு சோதனை மட்டும் தவறினால் பிரிவுக்குள் இருக்கும் ஒரு வரியில்தான் பிழை. ஒரே தொகை, குறி மட்டும் மாறி, இரண்டு சோதனைகளில் தலைகாட்டினால் கூட்டுத்தொகையே தவறாகப் படிக்கப்பட்டது. 279,800 என்பது 279,300 ஆகியிருந்தால் முதல் சோதனை 500, இரண்டாவது −500 காட்டும்.

எல்லாம் பூஜ்யம் வந்துவிட்டது. இனி விகிதம் எப்படிப் போட வேண்டும்?

இரண்டே வரிகள்:

```
=B7/B19
=(B12+B19)/B11
```

நடப்பு விகிதம் 279,800 ÷ 286,500 = 0.98. மொத்தப் பொறுப்பு 218,200 + 286,500 = 504,700; அதைப் பங்கு மூலதனம் 161,500 ஆல் வகுத்தால் கடன்–பங்கு விகிதம் 3.13. இரண்டு தசம இடம் போதும். எஸ்.பி.எம். கணக்கியல் தேர்வு எழுதும் பிள்ளைகள் நடப்பு விகிதத்தை 0.98 : 1 என்று எழுதுவது வழக்கம்.

ஆடிட்டர் கடன்–பங்கு விகிதம் 1.71 என்கிறார், நீங்கள் 3.13 என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

இரண்டும் சரி, எதைக் கடன் என்று எடுத்துக்கொண்டோம் என்பதில்தான் வேறுபாடு. மொத்தப் பொறுப்பையும் கடனாகக் கொள்வது ஒரு வழக்கம். வட்டி கட்ட வேண்டிய கடனை மட்டும் கொள்வது மற்றொரு வழக்கம். இரண்டாவது முறையில் 12, 16, 17ஆம் வரிசைகளை மட்டும் கூட்டினால் 275,800 வரும். 161,500 ஆல் வகுத்தால் 1.71. அரிசி மண்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியும் இயக்குநரின் பணமும் அதில் சேரவில்லை. எந்த முறை என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. சென்ற ஆண்டோடு ஒப்பிடும்போதும் அதே முறையையே கையாள வேண்டும்.

இந்த இரண்டாவது முறையில்தான் மேலே சொன்ன சோதனைகளின் எல்லையும் தெரிகிறது. படம் சாய்ந்திருந்து, இயக்குநரின் 86,000 ஓவர்டிராஃப்ட் பெயருக்கு நேராகவும், 31,400 இயக்குநர் பெயருக்கு நேராகவும் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை மாறாது, எல்லாச் சோதனைகளும் பூஜ்யமே தரும், 3.13 என்ற விடையும் மாறாது. ஆனால் வட்டிக் கடன் 330,400 ஆகி, விகிதம் 1.71க்குப் பதில் 2.05 ஆகிவிடும். எனவே தனித்தனி வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டும் முறையைக் கையாளுவோர், பெயரும் எண்ணும் ஒரே வரியில்தான் இருக்கின்றனவா என்று படத்தின் மேல் ஒரு ரூலரை வைத்துக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இதற்குச் சூத்திரம் இல்லை.

அப்பா கடையில் போட்ட சொந்தப் பணத்தையும் ஏன் கடனாகக் காட்டியிருக்கிறார்கள்?

குடும்ப நிறுவனங்களில் இது மிகப் பரவலாகக் காணப்படுவது. தந்தை தம் கையிலிருந்து நிறுவனத்தில் இட்ட பணத்திற்குப் பங்கு வெளியிடாதவரை அது நிறுவனம் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையே. கேட்டவுடன் தர வேண்டும் என்றிருந்தால் அது நடப்புப் பொறுப்பில்தான் நிற்கும். இந்த ஒரு வரி இரண்டு விகிதங்களையும் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள்: 86,000 ரிங்கிட்டை நடப்புப் பொறுப்பிலிருந்து விலக்கினால் நடப்பு விகிதம் 0.98இலிருந்து 1.40 ஆகும். அதையே பங்கு மூலதனத்தோடு சேர்த்துப் பார்த்தால் கடன்–பங்கு விகிதம் 418,700 ÷ 247,500, அதாவது 1.69 ஆகும்.

இதற்காகப் படத்தில் உள்ளதை நாமே மாற்றி எழுதிவிடக் கூடாது. அச்சிட்டபடி ஒரு விடையும், இயக்குநர் பணத்தை மாற்றிப் பார்த்தால் வரும் விடையும் என இரண்டையும் எழுதி, மாற்றத்திற்கான காரணத்தையும் பக்கத்தில் குறிக்கலாம். அவர் அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுக்கப் போவதில்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தால்தான் இரண்டாவது விடைக்கு மதிப்பு. வாய்ப்பேச்சை வங்கி ஏற்காது.

பழைய கணக்கில் இரு பக்கமும் 379,700 என்று சமமாக இருக்கிறது. மொத்தச் சொத்து 666,200 எங்கே?

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான இடம், ஏனென்றால் இங்கே பக்கம் சமமாகவும் இருக்கும், விகிதம் தவறாகவும் இருக்கும். பழைய பாணியில் நடப்புச் சொத்தின் கீழேயே நடப்புப் பொறுப்பை எழுதிக் கழித்துவிடுவார்கள். நம் கடையில் 279,800 − 286,500 = (6,700). நிலையான சொத்து 386,400இலிருந்து இந்த 6,700ஐக் கழித்தால் 379,700. மறுபக்கம் பங்கு மூலதனம் 161,500, நீண்டகாலக் கடன் 218,200, கூட்டினால் அதே 379,700.

இதை மொத்தச் சொத்து என்று எண்ணி, பங்கு மூலதனம் போக மிச்சமெல்லாம் கடன் என்று கணக்கிட்டால் 218,200 ÷ 161,500 = 1.35 வரும். உண்மையான 3.13இல் பாதிகூட இல்லை. நடப்புப் பொறுப்பு முழுவதும் மேற்பக்கத்திலேயே கரைந்துபோனதுதான் காரணம். "Aset semasa bersih" என்றோ "Liabiliti semasa bersih" என்றோ ஒரு வரி கண்ணில் பட்டால் அது பழைய பாணி என்று அறிந்து, நடப்புப் பொறுப்பின் கூட்டுத்தொகையைத் தனியே எடுத்துக் கடனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாணியில் நடப்புப் பொறுப்புகள் கழிக்கப்படுவதால் சிலர் அவற்றையும் அடைப்புக்குள் அச்சிடுவார்கள். வகுக்கும்போது குறியை நீக்கிவிடுங்கள், இல்லையேல் நடப்பு விகிதம் −0.98 என்று வந்து நிற்கும்.

நடப்பு விகிதம் 0.98 என்றால் கடை தள்ளாடுகிறது என்று அர்த்தமா?

ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும், ஓராண்டுக்குள் பணமாகக்கூடியது 98 சென் இருக்கிறது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அந்த 98 சென்னில் எது எப்போது பணமாகும் என்பதை விகிதம் சொல்லாது. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். டிசம்பர் 31 அன்று இந்தக் கடையின் கடன் புத்தகம் தடித்திருப்பதும், ஜனவரி முதல் வாரம் கழிந்ததும் அதில் ஒரு பெரும் பகுதி ரொக்கமாவதும் அதனால்தான் இயல்பு. வேறு ஊருக்கு மாறிப் போனவரின் பழைய பாக்கியும் அதே 92,750க்குள் இருக்கலாம் என்பதால், வாடிக்கையாளர் பாக்கி எத்தனை மாதப் பழையது என்ற பட்டியலை ஆடிட்டரிடம் கேட்டு வாங்குங்கள்; பேலன்ஸ் ஷீட் படத்தில் அது இருக்காது.

"RM'000" என்று போட்டிருந்தால் மூன்று பூஜ்யம் சேர்க்க வேண்டுமா?

மேலும் கீழும் ஒரே அலகில் இருந்தால் விகிதம் மாறாது, சேர்க்க வேண்டியதில்லை. ஒரு தொகையை வேறொரு தாளிலிருந்து எடுத்து இதோடு கூட்டும்போது மட்டும் அலகைப் பார்க்க வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள பெரிய தோட்ட நிறுவனங்களின் கணக்கைப் பயிற்சிக்கு எடுக்கும் மாணவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே குழுமத்திற்கு இரண்டு ஆண்டு, தாய் நிறுவனத்திற்கு மட்டும் இரண்டு ஆண்டு என நான்கு நிரல்கள் இருக்கும். வகுத்தலுக்கு வேண்டிய எண்கள் எல்லாம் ஒரே நிரலிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும்.

எனக்குக் கடன்–பங்கு விகிதம் −4.2 என்று வருகிறது. இது நல்லதா கெட்டதா?

திரண்ட நட்டம் பங்கு முதலைத் தாண்டிவிட்டதால் மொத்தப் பங்கு மூலதனமே கழித்தல் எண்ணாகிவிட்டது. அப்போது இந்த விகிதத்தைக் கணக்கிடுவதில் பொருளில்லை, −4.2ஐவிட −2.1 மேல் என்றோ கீழ் என்றோ சொல்ல முடியாது, ஏனெனில் நட்டம் கூடக்கூட வகுக்கும் எண் பெரிதாகி விடை பூஜ்யத்தை நோக்கி நகரும். விகிதத்தின் இடத்தில் "பங்கு மூலதனம் எதிர்மறை" என்று எழுதி, அந்தத் தொகையை ரிங்கிட்டில் குறித்துவிடுங்கள். ஆனால் அப்படி எழுதுவதற்கு முன் 10ஆம் வரிசையின் அடைப்பை மறுபடியும் படத்தில் பாருங்கள்; தேநீர்க் கறையோ மடிப்புக் கோடோ அடைப்பாகப் படிக்கப்பட்டு, இலாபம் நட்டமாக மாறியிருக்கவும் கூடும். அப்படியானால் மூன்றாவது சோதனையின் மிச்சம் அந்தத் தொகையின் இருமடங்காக, கழித்தல் குறியோடு நிற்கும்.